எஃப்-1 மாணவரின் 20 மணி நேரம்: எந்த வேலை, எந்த வாரம்?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். எஃப்-1 விசாவில் வந்து படிப்பவர்களுக்கு வளாகத்துக்குள் வேலை செய்ய உரிமை உண்டு. அதற்குத் தனி விண்ணப்பமோ வேலை அனுமதி அட்டையோ தேவையில்லை. வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்பதுதான் வரம்பு. இது எல்லா மாணவருக்கும் தெரியும். ஆனால் அந்த 20 மணி நேரத்தை எப்படி எண்ணுவது, வளாகம் என்று சட்டம் எதைச் சொல்கிறது என்ற இரண்டு இடங்களில்தான் நல்ல பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். நான் இங்கே எழுத வந்தது அந்த இரண்டைப் பற்றித்தான்.

முதலில் வளாகம். பல்கலைக்கழகமே சம்பளம் தரும் நூலகம், விடுதி வரவேற்பு மேசை, உடற்பயிற்சிக் கூடம், கணினி உதவி மையம், பேராசிரியருக்கு விடைத்தாள் திருத்தித் தரும் வேலை ஆகியவற்றில் சந்தேகத்துக்கு இடமில்லை. வளாகத்துக்குள் இருக்கும் உணவுக்கூடத்தையோ புத்தகக் கடையையோ வெளி நிறுவனம் ஒன்று நடத்தினாலும், அது மாணவர்களுக்கு நேரடியாகச் சேவை தருவதால் அங்கும் வேலை செய்யலாம். அதே வளாகத்தில் புதிய விடுதி கட்டும் கட்டுமான நிறுவனத்தில் மட்டும் கூடாது. இடம் வளாகம்தான், ஆனால் அந்த நிறுவனத்தின் வேலை மாணவர்களுக்கான சேவை அல்ல. வளாக வாசலுக்கு எதிரே சாலையைத் தாண்டி இருக்கும் காபிக் கடையும் கூடாது, அங்கே வருபவர்கள் எல்லாரும் மாணவர்களாகவே இருந்தாலும்.

இதில் அடிக்கடி சிக்கல் வருவது பேராசிரியர்களின் ஸ்டார்ட்அப் நிறுவனங்களில். பேராசிரியர் தன் ஆய்வகத்தின் ஒரு மூலையில் நிறுவனம் நடத்துவார். "நீ எப்படியும் இங்கேதானே இருக்கிறாய், இதையும் பார்த்துக்கொள்" என்பார். ஆய்வகப் பணிக்குப் பல்கலைக்கழகம் சம்பளம் தருகிறது, அது சரி. நிறுவனப் பணிக்குச் சம்பளம் தருவது அந்த நிறுவனம். அது வெளி வேலை. சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். உணவு கொண்டுசேர்க்கும் செயலிகளில் பதிவு செய்து வளாகத்துக்குள்ளேயே சைக்கிளில் சுற்றினாலும் அது வளாக வேலை ஆகாது. நண்பர் பெயரில் இருக்கும் கணக்கில் ஓட்டினாலும் வேலை செய்தவர் நீங்கள்தான்.

வேலை தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். வளாக வேலைப் பட்டியலில் சில இடங்களுக்கு "ஃபெடரல் வொர்க்-ஸ்டடி" என்று குறிப்பு இருக்கும். அது அமெரிக்க அரசின் கல்வி உதவித்தொகைத் திட்டம், எஃப்-1 மாணவர்களுக்குக் கிடையாது. அந்தக் குறிப்பு இல்லாத இடங்களுக்கு மட்டும் விண்ணப்பித்தால் நேரம் மிச்சமாகும். முதல் செமஸ்டரில் உணவுக்கூட வேலைதான் பெரும்பாலும் எளிதில் கிடைக்கிறது. அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. அடுத்த செமஸ்டரில் துறையில் முகம் பழகியபின் விடைத்தாள் திருத்தும் வேலையோ ஆய்வக வேலையோ கேட்கலாம்.

இனி எண்ணிக்கை. 20 மணி நேரம் என்பது ஒரு வேலைக்கான வரம்பு அல்ல. அந்த வாரத்தில் நீங்கள் செய்யும் எல்லா வளாக வேலைகளும் சேர்ந்த மொத்தம். பல்கலைக்கழகத்தின் சம்பளப் பிரிவு ஒரு வாரத்தை எந்தக் கிழமையில் தொடங்குகிறதோ அதுவே உங்கள் வாரம். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஞாயிறு முதல் சனி வரை. சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவதால், இரண்டு வாரமும் சேர்ந்து 40 மணி நேரத்துக்குள் இருந்தால் போதும் என்று மாணவர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. ஒரு வாரம் 24, மறு வாரம் 14 என்றால் மொத்தம் 38தான், ஆனாலும் முதல் வாரம் வரம்பு மீறியதுதான்.

ஒரு மாணவியின் கணக்கைச் சொன்னால் இது தெளிவாகும். அவருக்கு இரண்டு வேலைகள். விடைத்தாள் திருத்துவது வாரத்துக்கு 10 மணி நேரம். உணவுக்கூடத்தில் நான்கு மணி நேர ஷிஃப்ட் இரண்டு, ஆக 8. மொத்தம் 18. தேர்வுக்கு முந்தைய வாரம் உணவுக்கூட மேற்பார்வையாளர் அவரிடம் சனிக்கிழமை ஒரு ஷிஃப்ட் கூடுதலாக வர முடியுமா என்று கேட்டார். வேறொரு மாணவருக்குக் காய்ச்சல். சேர்த்தால் 22.

"மேடம், அடுத்த வாரம் எனக்குத் திருத்த வேண்டிய தாள் குறைவு, ஆறு மணி நேரம்தான் வரும். ரெண்டு வாரமும் சேர்த்தால் 40 தாண்டாது. போகலாமா?" என்று கேட்டார். ஷிஃப்டுக்குப் போகும் முன்பே கேட்டதுதான் அவர் செய்த நல்ல காரியம். இரண்டு மேற்பார்வையாளர்களும் நல்லவர்கள்தான், ஆனால் ஒவ்வொருவருக்கும் தன் துறையின் நேரக்கணக்கு மட்டுமே கண்ணில் படும். மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டியவர் மாணவர் ஒருவர்தான்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். சனிக்கிழமை ஷிஃப்டை எடுத்தால் அந்த வாரம் 22, கூடாது. அதே நான்கு மணி நேரம் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்றால் அது புதிய வாரம்: திருத்தும் பணி 6, வழக்கமான உணவுக்கூடப் பணி 8, கூடுதல் 4, மொத்தம் 18. சனிக்கிழமை ஷிஃப்டை எடுத்துக்கொண்ட இன்னொரு மாணவரின் ஞாயிறு ஷிஃப்டை அவர் வாங்கிக்கொண்டார். மேற்பார்வையாளருக்கும் ஆள் கிடைத்தது. ஒரே ஒரு நாள் தள்ளியதில் சட்டத்துக்கு வெளியே போகவிருந்தது உள்ளே வந்துவிட்டது.

சனி இரவு 10 மணிக்குத் தொடங்கி ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு முடியும் ஷிஃப்ட் என்றால் இரண்டு மணி நேரம் இந்த வாரத்திலும் இரண்டு மணி நேரம் அடுத்த வாரத்திலும் சேரும். சில மேற்பார்வையாளர்கள், "கூடுதலாகச் செய்ததை அடுத்த வாரக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்" என்று உதவும் எண்ணத்தில் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். எப்போது சம்பளம் வந்தது என்பதல்ல, எப்போது வேலை செய்தீர்கள் என்பதே கணக்கு. அதோடு அது பொய்யான நேரப்பதிவும் ஆகிவிடும்.

ஆராய்ச்சி உதவியாளர், கற்பித்தல் உதவியாளர் பதவிகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. உங்கள் நியமனக் கடிதத்தில் வாரம் 20 மணி நேரம் என்று இருந்தால் உங்கள் வரம்பு அதிலேயே தீர்ந்துவிட்டது. "பேராசிரியர் உண்மையில் 12 மணி நேரம்தான் வேலை வாங்குகிறார், மீதி எட்டில் நூலகத்துக்குப் போகிறேன்" என்று கேட்பவர்கள் உண்டு. நாங்கள் எடுத்துக்கொள்வது கடிதத்தில் உள்ள எண்ணைத்தான்.

விடுமுறையில் வரம்பு தளர்கிறது. பல்கலைக்கழக நாட்காட்டியில் உள்ள குளிர்கால, கோடை விடுமுறைகளில், அடுத்த பருவத்தில் தொடர்ந்து படிக்கப் போகிறவர் முழுநேரம் வேலை செய்யலாம். உங்கள் தேர்வு புதன்கிழமையே முடிந்துவிட்டது என்பதால் உங்களுக்கு மட்டும் விடுமுறை தொடங்கிவிடாது. வாரத்தின் பாதியில் பருவம் முடிந்தால் அந்த வாரத்தையும் 20க்குள் வைத்துக்கொள்ளும்படிதான் நான் சொல்வேன். படிப்பே முடிகிறது என்றால் கதை வேறு. பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள படிப்பு முடியும் தேதிக்குப் பிறகு 60 நாட்கள் நாட்டில் தங்கலாம், ஆனால் வளாக வேலைகூடச் செய்யக் கூடாது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்கள், பன்னாட்டு மாணவர்களைக் கண்காணிக்க அரசு வைத்திருக்கும் செவிஸ் என்ற கணினிப் பதிவேட்டில் தங்கள் பதிவு எந்தத் தேதியில் அங்கே போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தேதி முதல் பழைய வளாகத்தில் வேலை செய்யும் உரிமை போய்விடுகிறது.

இவ்வளவு கறாராக ஏன் சொல்கிறேன் என்றால், மற்றத் தவறுகளுக்கு இருக்கும் வழி இதற்கு இல்லை. பாடச்சுமை குறைந்து எஃப்-1 நிலையை இழந்த மாணவர், தக்க காரணம் காட்டி நிலையை மீட்டுத் தரும்படி குடிவரவுத் துறையிடம் விண்ணப்பிக்கலாம். அனுமதியில்லாமல் வேலை செய்தவருக்கு விதியே அந்தக் கதவை மூடிவிடுகிறது. இந்த 20 மணி நேரத்தில் சில்லறை விட்டுக்கொடுப்புக்கும் விதியில் இடமில்லை. பெட்ரோல் பங்கிலும் மளிகைக் கடையிலும் ரொக்கமாக வாங்கினால் யாருக்கும் தெரியாது என்று சொல்பவர்கள், பல ஆண்டுகள் கழித்து வரும் பச்சை அட்டை விண்ணப்பத்தை நினைப்பதில்லை. எப்போதாவது அனுமதியின்றி வேலை செய்தீர்களா என்ற கேள்வி அதில் நேராகவே இருக்கிறது. அங்கே உண்மை சொன்னாலும் சிக்கல், பொய் சொன்னால் அதைவிடப் பெரிய சிக்கல். ஏற்கெனவே வரம்பு தாண்டிவிட்டீர்கள் என்றால் உடனே நிறுத்திவிட்டு, எங்களிடம் வரும் முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். எங்கள் அலுவலகத்துக்கு செவிஸில் பதிய வேண்டிய கடமை உண்டு. நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க எங்களால் முடியாது.

வேலை கிடைத்ததும் சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்க வேண்டும். வேலை தரும் துறையின் கடிதம், எங்கள் அலுவலகக் கடிதம், பாஸ்போர்ட், ஐ-20, நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவு ஆகியவற்றோடு போக வேண்டும். முதல் சம்பளச் சீட்டு வந்ததும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்று இரண்டு பிடித்தங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளில் பெரும்பாலான எஃப்-1 மாணவர்களுக்கு அந்த 7.65 சதவீதம் பிடிக்கப்படக் கூடாது. பிடித்திருந்தால் சம்பளப் பிரிவிடம் திருப்பிக் கேளுங்கள்.

20 மணி நேரச் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் உதவும், கல்விக் கட்டணத்தை அடைக்காது. ஊரில் அப்பாவின் தொழில் விழுந்துவிட்டது, ரூபாயின் மதிப்பு சரிந்து கடன் தவணை எகிறிவிட்டது, பெரிய மருத்துவச் செலவு வந்துவிட்டது என்ற நிலையில் இருப்பவர்களைத்தான் ரொக்க வேலை இழுக்கிறது. அவர்களுக்காகவே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. எஃப்-1 நிலையில் ஒரு முழுக் கல்வியாண்டை முடித்தவர், எதிர்பாராத கடும் பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டி வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய அனுமதி கேட்கலாம். நாணய மதிப்பின் பெரும் ஏற்றஇறக்கம் காரணங்களில் ஒன்றாக விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வளாக வேலை கிடைக்கவில்லை, அல்லது போதவில்லை என்பதையும் காட்ட வேண்டும். முதலில் எங்கள் பரிந்துரை, பிறகு வேலை அனுமதி அட்டை கேட்கும் ஐ-765 படிவம், அதோடு ஊரிலிருந்து வங்கிக் கணக்கு விவரம், மருத்துவமனைச் சீட்டு, கடன் தவணைக் கடிதம் போன்ற சான்றுகள். வகுப்பு நடக்கும் காலத்தில் இதற்கும் வாரம் 20 மணி நேரம்தான். விண்ணப்பம் பெற்றுக்கொண்டதாக வரும் ரசீதை அனுமதி என்று எண்ணி வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். அட்டை கைக்கு வந்து, அதில் அச்சிட்டிருக்கும் தொடக்கத் தேதியும் வந்த பிறகே போக வேண்டும்.