மண்ணீரல் வீக்கம் அல்ல, மிகைத்தேக்கம்

மாமாவின் பரிசோதனைத் தாள்களோடு ஒரு தமிழ் விளக்கக் குறிப்பும் வந்தது. மருத்துவர் 'ஹைப்பர்ஸ்பிளெனிசம்' என்று எழுதியிருந்ததற்கு நேரே 'மண்ணீரல் வீக்கம்' என்று போட்டிருந்தார்கள். இதே பெயர்ப்பை எத்தனையோ இடங்களில் பார்த்துச் சலித்திருக்கிறேன். அத்தை அதைப் படித்துவிட்டு, "வீக்கம் வடிய மாத்திரை குடுங்க" என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வந்துவிட்டார். கொடுத்தது வலி மாத்திரை. கல்லீரல் தழும்பேறி, இரத்தம் உறைய உதவும் தட்டணுவும் குறைந்தவருக்கு அது இரைப்பையில் இரத்தக் கசிவை உண்டாக்கலாம், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். நல்லவேளை, அட்டையைப் பிரிப்பதற்குள் நான் போய்விட்டேன்.

கிரேக்கத்தில் 'ஹைப்பர்' மிகை, 'ஸ்பிளேன்' மண்ணீரல், 'இசம்' நிலை. 1907இல் பிரெஞ்சு மருத்துவர் ஷோஃபார் இந்தக் கருத்தை முன்வைத்தார். வேரில் எங்கும் வீக்கம் இல்லை; மண்ணீரலால் இரத்த அணுக்கள் குறைந்துபோகும் நிலையையே அது குறிக்கிறது. உறுப்பு பெரிதாவதற்கு 'ஸ்பிளெனோமெகலி' என்று தனிச்சொல் இருக்கிறது. அதற்கு மண்ணீரல் பெருக்கம் என்பதே போதும். பெருக்கம் இருந்தும் இரத்த அணுக்கள் சரியாக இருப்பவர்கள் உண்டு. அப்படியிருக்க, அளவைச் சொல்லும் சொல்லையும் அதன் விளைவைச் சொல்லும் சொல்லையும் ஒன்றாக்கினால் நோயாளிக்கு என்ன புரியும்? தமிழில் வீக்கம் என்றதும் அடிபட்ட கால்தான் நினைவுக்கு வரும்: வலி, சிவப்பு, ஒத்தடம், மாத்திரை. மண்ணீரல் இங்கே அப்படி வீங்கவில்லை.

நடப்பது வேறு. மண்ணீரலிலிருந்து வெளியேறும் சிரை, குடலிலிருந்து வரும் சிரையோடு சேர்ந்து போர்ட்டல் சிரையாகிக் கல்லீரலுக்குள் போகிறது. கல்லீரல் தழும்பேறி இறுகினால் அந்த வழி நெருக்கமாகி அழுத்தம் பின்னோக்கி ஏறும். மதகை அடைத்தால் ஏரி நிரம்புவதுபோல மண்ணீரலில் இரத்தம் தேங்கி, அதுவும் பருத்துவிடுகிறது. நலமாக இருக்கும்போதே உடலின் தட்டணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில்தான் இருக்கும். அது மிகவும் பெருத்தால் பத்தில் ஒன்பது பங்குவரை அங்கே போய்விடலாம். ஊசியில் எடுக்கும் இரத்தம் கைச் சிரையிலிருந்து வருவது. ஏரிக்குள் இருப்பது அதில் தெரியாது.

வெள்ளணுக்களும் இப்படியே குறைகின்றன. சிவப்பணுக்கள் குறுகிய இடுக்குகளில் நெருங்கி நகரும்போது சில அங்கேயே அழிகின்றன. அதோடு இரத்த நீரின் அளவும் கூடுவதால், இருக்கும் சிவப்பணுவும் நீர்த்துத் தெரிகிறது. எலும்பு மச்சையில் பெரும்பாலும் வேலை நிற்பதில்லை, மும்முரமாகவே நடக்கும். எல்லா எண்ணிக்கையும் சேர்ந்து இறங்கினால் புற்றுநோயோ என்று வீடே நடுங்குகிறது. ஆனால் உற்பத்தி நடந்துகொண்டிருக்க, சரக்கு கிடங்கில் முடங்கிய நிலை இது.

மாமாவுக்கு முதலில் தட்டணு 58,000, வெள்ளணு 2,700, ஹீமோகுளோபின் 10.4. டெங்கு என்று எண்ணிப் பப்பாளி இலைச்சாறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழு வாரம் கழித்துப் பார்த்தால் தட்டணு 61,000. டெங்குவில் சில நாளில் சரிந்து சில நாளில் ஏறிவிடும். வாரக்கணக்கில் ஒரே மட்டத்தில் நிற்காது. காய்ச்சலும் இல்லை. ஸ்கேனில் மண்ணீரல் 17 சென்டிமீட்டர்; வழக்கமாக 12ஐ ஒட்டித்தான் இருக்கும். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய்ச் சிரைகளும் அதே அழுத்தத்தால் புடைத்திருந்தன. இரத்தத்தின் பிரச்சினை என்று நினைத்தது கல்லீரலில் போய் நின்றது.

'மண்ணீரல் மிகைச்செயல்' என்று சொல்வோரும் உண்டு. வீக்கத்தைவிட இது எவ்வளவோ மேல், மூலச்சொல்லுக்கும் நெருக்கம். ஆனாலும் மண்ணீரல் வெறிகொண்டு அணுக்களைத் தின்கிறது என்ற படத்தை அது தருகிறது. தட்டணுவைப் பொறுத்தவரை அது சரியல்ல. 1966இல் ஆஸ்டர் என்பவர் கதிரியக்கக் குறியிட்ட தட்டணுக்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, அவை பெரும்பாலும் அழியாமல் மண்ணீரலில் தேங்கி நிற்பதையே கண்டார். அதனால் தழும்பேறிய கல்லீரலால் வருவதற்கு 'மண்ணீரல் மிகைத்தேக்கம்' என்பேன். தட்டணுவை வெளியிலிருந்து ஏற்றினாலும் ஏன் எண்ணிக்கை அவ்வளவாக உயர்வதில்லை என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது: ஏற்றியதும் ஏரிக்குள்தான் போகும். தட்டணு குறைவதற்கு மண்ணீரல் மட்டுமே காரணமல்ல என்பதும் உண்மை. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் த்ரோம்போபொய்டின் பெரும்பாலும் கல்லீரலில்தான் உருவாகிறது. கல்லீரல் நொந்தால் அதுவும் குறையும்.

அகராதியைத் திறந்து முதலில் கண்ட சொல்லை ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர்கள், அதைப் படிப்பவர் அடுத்து எந்தக் கடைக்குப் போவார் என்று யோசிக்க வேண்டும். மாமாவின் தாளில் 'வீக்கம்' என்பதை அடித்துவிட்டு நானே எழுதினேன்: "கல்லீரல் இறுகியதால் மண்ணீரலில் இரத்த அணுக்கள் தேங்கியுள்ளன. வலி மாத்திரை கூடாது." அத்தை அதை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.