காப்பீட்டை இடையில் ரத்து செய்தால் பிரீமியத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

ஓராண்டு வாகனக் காப்பீட்டை எடுத்தவர் சில மாதங்களில் வாகனத்தை விற்றுவிட்டால், எஞ்சிய காலத்துக்கான பிரீமியம் தானாகவே திரும்பி வரும் என்று நினைத்துவிடக் கூடாது. ரத்து செய்யும்படி எழுத்தில் கேட்க வேண்டும். எவ்வளவு கிடைக்கும் என்பது, பாலிசி ஆவணத்தில் ‘ரத்து’ என்ற தலைப்பின் கீழ் எந்தக் கணக்கு முறை எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வழக்கில் இருப்பவை இரண்டு முறைகள். முதலாவது நாள் விகிதக் கணக்கு. வரி நீங்கலாக ஆண்டு பிரீமியம் 7,300 என்றால் ஒரு நாளுக்கு 20 ஆகிறது. 146 நாள் கழித்து ரத்து செய்பவருக்கு எஞ்சிய 219 நாளுக்கு 4,380 திரும்ப வேண்டும். இரண்டாவது குறுகிய கால விகித அட்டவணை. இதில் காப்பு நடப்பில் இருந்த மாதங்களுக்கு ஏற்ப ஒரு சதவீதத்தை நிறுவனம் பிடித்துக்கொள்ளும். அது நாள் கணக்கைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். ஐந்து மாதம் வரை 60 சதவீதம் பிடிக்கும் அட்டவணையாக இருந்தால், இதே நபருக்கு 2,920 மட்டுமே கிடைக்கும். சில அட்டவணைகளில் எட்டு மாதம் கடந்துவிட்டால் எதுவும் திரும்பாது. ஆகவே ஆண்டின் பிற்பகுதியில் இருப்பவர், விண்ணப்பிக்கும் முன்பே அட்டவணையைப் பார்த்துவிடுவது நல்லது.

எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. வந்த தொகையை எஞ்சிய நாள்களால் வகுத்தால் 20 வர வேண்டும். 13 சொச்சம் வந்தால் அது நாள் விகிதம் அல்ல. கட்டணம் ஏதும் கழித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, எந்த விதியின் கீழ் அப்படிக் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் விளக்கம் கேட்கலாம்.

பெரும்பாலான பாலிசிகளில், காப்பு நடப்பில் இருந்த காலத்தில் ஒரு கிளெய்ம் பெற்றிருந்தாலே திரும்பப் பெறும் உரிமை போய்விடும். தவணையில் பிரீமியம் செலுத்துபவர் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: கிளெய்ம் பெற்றபின் ரத்து செய்தால், மீதித் தவணைகளையும் கட்டச் சொல்லும் பாலிசிகள் உண்டு.

ரத்து பெரும்பாலும் வாகனம் விற்ற நாளிலிருந்து அல்ல, கடிதம் நிறுவனத்துக்குக் கிடைத்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். மேற்சொன்ன நபர் 20 நாள் தாமதித்தால் நாள் விகிதத்திலேயே 400 இழப்பார். கடிதத்தில் பாலிசி எண், ரத்து நடைமுறைக்கு வர வேண்டிய தேதி, காரணம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு, ‘எஞ்சிய காலத்துக்கான பிரீமியத்தை நாள் விகிதத்தில் திருப்பித் தந்து, கணக்கீட்டையும் அனுப்பவும்’ என்ற வரியும் இருக்கட்டும். வாகனக் காப்பீடு சட்டப்படி கட்டாயமாக உள்ள இடங்களில், விற்பனைச் சான்றையோ மாற்றுக் காப்பீட்டின் நகலையோ இணைக்காத விண்ணப்பம் பெரும்பாலும் நிலுவையிலேயே நிற்கும். அதற்குள் ஓடும் நாள்களும் கணக்கில் கழிந்துவிடக்கூடும் என்பதால், கடிதம் பெற்றதற்கான ஒப்புகையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.