பதினான்காவது சீட்டை யாருக்கு விற்பது?

நாற்பது சீட் உள்ள ஒரு பஸ். இரண்டே கட்டணம்: முழுக் கட்டணம் 100, தள்ளுபடிக் கட்டணம் 60. முன்கூட்டியே திட்டமிடுகிறவர்கள் தள்ளுபடியில் எடுக்கிறார்கள். அவசர வேலையாகக் கடைசி நாளில் கிளம்புகிறவர்கள் முழுக் கட்டணம் கொடுக்கிறார்கள். சிக்கல் இந்த வரிசையில்தான் இருக்கிறது. குறைந்த காசு முதலில் வருகிறது, கூடுதல் காசு கடைசியில் வருகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே போனால், 100 தரத் தயாராக இருப்பவர் வரும்போது சீட் இருக்காது. அதிகமாகப் பிடித்து வைத்தாலோ பஸ் காலியாக ஓடும்.

எத்தனை சீட்டைப் பிடித்து வைப்பது? இதற்கு விடை சொன்னவர் கென் லிட்டில்வுட். பிரிட்டனின் பிஓஏசி விமான நிறுவனத்தில் இருந்தவர். 1972-ல் இந்த விதியை முன்வைத்தார். விமானத்துக்குச் சொன்னது பஸ்ஸுக்கும் அப்படியே பொருந்தும்.

மொத்த பஸ்ஸையும் ஒரேயடியாக யோசிக்காமல் ஒவ்வொரு சீட்டாக எடுத்துக்கொள்வோம். தள்ளுபடி கேட்டு ஒருவர் நிற்கிறார். கொடுத்தால் 60 நிச்சயம். மறுத்தால், அந்தச் சீட் பின்னால் 100-க்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். போவதற்கான வாய்ப்பை 100-ஆல் பெருக்கினால் வருவதுதான் காத்திருப்பதன் மதிப்பு. அது 60-ஐவிட அதிகமாக இருக்கும்வரை சீட்டைப் பிடித்து வைக்க வேண்டும், குறைந்தால் விற்றுவிட வேண்டும். விதி இவ்வளவுதான்.

அந்த வாய்ப்பு எங்கிருந்து வரும்? பழைய பயணங்களின் கணக்கிலிருந்து. முழுக் கட்டணத்துக்குச் சராசரியாக 15 பேர் வருகிறார்கள், அந்த எண்ணிக்கை சராசரியைச் சுற்றி ஏறி இறங்கும் அளவான திட்டவிலக்கம் 5, பரவல் மணி வடிவ இயல்நிலைப் பரவல் என்று கொள்வோம். குறைந்தது 10 பேராவது வர 86 சதவீத வாய்ப்பு. ஆகவே பிடித்து வைக்கும் பத்தாவது சீட்டின் மதிப்பு 86, தயங்காமல் வைக்கலாம். பதினான்காவது சீட்டுக்கு மதிப்பு சுமார் 62. இதையும் மயிரிழையில் வைக்கலாம். பதினைந்தாவதற்கு 54. கையில் வரும் 60-ஐ விட்டுவிட்டு 54-க்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஆக 14 சீட் முழுக் கட்டணத்துக்கு, மீதி 26 வரை தள்ளுபடிக்கு.

ஒவ்வொன்றாகப் போடப் பொறுமை இல்லையென்றால் எக்செல்லில் ஒரே வரி போதும்:

```
=NORM.INV(1-60/100, 15, 5)
```

விடை 13.73; முழு எண்ணாக்கினால் அதே 14.

சராசரியே 15 பேர் என்னும்போது ஏன் 14 மட்டும்? தள்ளுபடிக் கட்டணம் முழுக் கட்டணத்தில் பாதிக்கு மேல் இருப்பதால், காலியாகப் போகும் சீட்டின் இழப்புதான் பெரிது. தள்ளுபடி 40 ஆக இருந்தால் கணக்கு சராசரியைத் தாண்டி 16-க்குப் போகும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று: பஸ்ஸின் அளவு கணக்கில் வரவே இல்லை. முப்பது சீட் பஸ்ஸானாலும் அதே 14-தான். தள்ளுபடி கேட்டு எத்தனை பேர் வருவார்கள் என்பதும் தேவையில்லை. ஆனால் தள்ளுபடிக்காரர்கள் முதலில் வந்து முடிகிறார்கள், மறுக்கப்பட்டவர் முழுக் கட்டணத்துக்கு மாறுவதில்லை என்ற இரண்டு அனுமானங்களின் மேல்தான் எல்லாமே நிற்கிறது.

சரி, விதி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? தள்ளுபடி 26-ம் விற்றுத் தீர்ந்த பயணங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். அவற்றில் பத்துக்கு ஆறில் பஸ் நிறைந்திருக்க வேண்டும், நான்கில் ஓரிரு சீட்டோ அதற்கு மேலோ காலியாக இருக்க வேண்டும். காலி சீட்டைப் பார்த்துப் பதறி ஒதுக்கீட்டைக் குறைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எப்போதுமே பஸ் நிறைந்து போனால் பிடித்து வைத்தது போதவில்லை என்றுதான் பொருள்.

பெரிய பொறி சராசரியை எடுக்கும் இடத்தில் இருக்கிறது. பஸ் நிறைந்த நாளில் பதினைந்தாவதாக வந்து திரும்பிப் போனவர் விற்பனைக் கணக்கில் ஏறுவதில்லை. உண்மையில் 18 பேர் கேட்ட நாளும் 14 என்றே பதிவாகும். தள்ளுபடி தீர்ந்துபோகும் பயணங்களின் பதிவை அப்படியே எடுத்தால் சராசரி 15 அல்ல, ஏறக்குறைய 12.5 என்று காட்டும், திட்டவிலக்கமும் அமுங்கிவிடும். அந்த எண்களைப் போட்டால் விதி 12 சீட் போதும் என்று சொல்லும். அப்புறம் 12-க்கு மேல் எதுவும் பதிவாகாது, அடுத்த முறை இன்னும் குறையும். ஒவ்வொரு சுற்றிலும் சூத்திரம் சரியாகவே இருக்கும், வருமானம் மட்டும் தேய்ந்துகொண்டே போகும்.

இதைத் தடுக்க, நிறைந்த பயணங்களை ‘14’ என்று எழுதாமல் ‘14 அல்லது அதற்கு மேல்’ என்று தனியாகக் குறித்துவைத்து, மணி வடிவத்தின் மறைந்த வலப்பக்கத்தையும் சேர்த்துச் சராசரியை மதிப்பிட வேண்டும். சீட் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்களின் எண்ணிக்கையைக் கவுன்ட்டரிலேயே எழுதிவைத்தால் வேலை இன்னும் சுலபம்.