ஸ்டேஷனில் எழுதி வாங்கும் ஒப்புதலும் முதல் 24 மணி நேரமும்

எங்கள் தெருவில் பெயின்ட் வேலை செய்யும் பையனை, செல்போன் திருட்டு கேஸ் என்று திங்கள் இரவு 9 மணிக்குக் கூட்டிப் போனார்கள். "சும்மா விசாரணைம்மா, அரை மணி நேரத்துல அனுப்பிடுவோம்" என்று அவன் அம்மாவிடம் சொன்னார்கள். கோர்ட்டுக்குப் போன காகிதத்தில் கைதான நேரம் புதன் காலை 10 மணி. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இங்கே நடுவில் 37 மணி நேரம் கணக்கிலேயே இல்லை. அந்த நேரத்தில்தான் மூன்று வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று பலருக்குத் தெரியும். அது சரிதான், பாரதிய சாட்சிய சட்டம் 23-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. போலீஸ் காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அதற்கு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் சாட்சியமாகும். அதனால்தான் "கூட்டிப் போனால் பரணில் இருக்கும் செல்போனை எடுத்துத் தருகிறேன்" என்று ஒரு வரி எழுதப்படுகிறது. வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்து அந்த வரிக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

வீட்டில் இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, கூட்டிப் போன நேரத்தைப் பதிவு செய்வது. ஸ்டேஷனில் "ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்கார், காலையில வாங்க" என்பார்கள். காலை வரை காத்திருக்காமல் அன்றிரவே எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். யாரை, எத்தனை மணிக்கு, எந்த ஸ்டேஷன் என்று மூன்று வரி போதும். கைதுக் குறிப்பில் உங்களிடம் சாட்சிக் கையெழுத்து கேட்டால், அதிலுள்ள நேரத்தைப் படியுங்கள். தவறாக இருந்தால் உண்மையான நேரத்தைப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போடுங்கள். விசாரணையின்போது வக்கீலைப் பார்க்க உரிமை உண்டு. முழு நேரமும் கூட இருக்க முடியாது என்பதை "பார்க்கவே முடியாது" என்று மாற்றிச் சொல்வார்கள். வக்கீலுக்கு வசதியில்லாதவர்கள் 15100-க்கு அழைத்து இலவச சட்ட உதவி கேட்கலாம்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. கூட வந்த காவலர் பக்கத்திலேயே நிற்க, டாக்டர் கையையும் முகத்தையும் பார்த்துவிட்டு "காயம் இல்லை" என்று எழுதிவிடலாம். பாதத்தில் அடித்திருந்தால் செருப்பைக் கழற்றிக் காட்ட வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ டாக்டர் கொடுக்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும்.

மாஜிஸ்திரேட் "போலீஸ் அடித்தார்களா?" என்று கேட்கும்போது, பயத்தில் பெரும்பாலானவர்கள் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தை ரிமாண்ட் உத்தரவில் ஏறிவிட்டால், பிறகு அடித்தார்கள் என்று சொல்வதை நம்ப வைப்பது பெரும்பாடு. வெள்ளைத் தாளில் வாங்கிய கையெழுத்தையும் அங்கேயே சொல்ல வேண்டும். ஸ்டேஷன் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்க உத்தரவிடும்படி வக்கீல் அப்போதே மனு கொடுக்கலாம். 2020-இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தது ஓராண்டாவது பதிவு இருக்க வேண்டும் என்றது.

அந்தப் பையன் விஷயத்தில், அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்து திங்கள் இரவு 11.20-க்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அதன் நகலை வக்கீல் நீட்டியதும், புதன் காலை 10 மணி என்ற நேரத்துக்கு மாஜிஸ்திரேட் விளக்கம் கேட்டார்.