ஐந்து மில்லிமீட்டர் விரிசலுக்கு இன்னும் எத்தனை அடி?

ஃபிளை ஆஷ் செங்கல் ஆலை ஒன்றிலிருந்து அழைப்பு. ஹைட்ராலிக் பிரஸ்ஸின் பக்கத் தகட்டில் கோடு மாதிரி ஏதோ தெரிகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார் பராமரிப்பு மேஸ்திரி. நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே ஒரு கணக்கே போட்டு முடித்திருந்தார்கள். இணையத்தில் கிடைத்த சூத்திரத்தில் எண்களைப் போட்டிருக்கிறார் ஆலையின் இளம் பொறியாளர். பிரஸ் ஒருமுறை இறங்கி அழுத்துவது ஓர் அடி. இப்போதைய வேகத்தில் லட்சம் அடிக்கு ஒரு மில்லிமீட்டர்தான் விரிசல் வளரும். தகடு உடைய இன்னும் 50 மில்லிமீட்டர் போக வேண்டும். ஆகவே 50 லட்சம் அடி. நாளுக்கு 2,400 அடி, வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் சுமார் ஏழு வருடம். "அதுக்குள்ள மெஷினையே மாத்திடுவோம் சார்" என்றார் முதலாளி.

இதில் லட்சம் அடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற வேகம் சரிதான். ஏழு வருடம் என்பதுதான் தப்பு.

முதலில் தகட்டைச் சொல்லிவிடுகிறேன். 100 டன் பிரஸ். அழுத்தும் விசை முழுவதையும் நான்கு பக்கத் தகடுகள் இழுவிசையாகத் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் 200 மிமீ அகலம், 16 மிமீ கனம், சாதாரண ஸ்டீல். ஒரு செங்கல் அச்சுக்கு ஒரு அடி. ஒவ்வொரு அடியிலும் தகட்டின் தகைவு பூஜ்யத்திலிருந்து உச்சத்துக்கு ஏறி மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கும். 25 டன்னைத் தகட்டின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் 77 மெகாபாஸ்கல் வருகிறது. ஆனாலும் தகடு எவ்வளவு நீள்கிறது என்று காட்டும் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டிப் பார்த்தேன். 400 மைக்ரோ ஸ்ட்ரெயின் காட்டியது. ஸ்டீலுக்கு அது 80 மெகாபாஸ்கல். நான்கு தகடும் ஒரே அளவில் சுமை வாங்குவதில்லை, அதனால்தான் இந்தச் சின்ன வித்தியாசம். சில மெஷின்களில் இது சின்னதாக இருக்காது.

விரிசல் தொடங்கிய இடம் தகட்டின் விளிம்பு. யாரோ எப்போதோ ஹோஸ் பைப்பைப் பிடித்து நிறுத்த அங்கே ஒரு சின்ன கிளாம்ப்பை டேக் வெல்டு அடித்திருக்கிறார்கள். வெல்டின் ஓரத்திலிருந்து தகட்டின் குறுக்காக உள்நோக்கிப் போயிருந்தது. பெயின்ட் மேல் பார்த்தால் 3 மிமீ. பெயின்டைச் சுரண்டி, துடைத்து, விரிசலுக்குள் ஊறும் சிவப்புச் சாயமான டை பெனிட்ரன்ட் அடித்து, டெவலப்பர் போட்டுக் காத்திருந்தபோது சிவப்புக் கோடு 5 மிமீ வரை நீண்டது. பின்பக்கமும் அதே இடத்தில் கோடு தெரிந்தது, நீளம் கொஞ்சம் குறைவு. அதாவது விரிசல் தகட்டின் கனம் முழுக்க ஊடுருவிவிட்டது. இரண்டு பக்கத்தில் எது அதிகமோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இளம் பொறியாளரும் 5 என்றே எடுத்திருந்தார், அதில் பிழையில்லை.

இனி சூத்திரம். விரிசலின் நுனியில் தகைவு எவ்வளவு குவிகிறது என்பதை K என்ற ஒரே எண் சொல்லும். ஒரு அடியில் அந்த எண் ஏறி இறங்கும் அளவு ΔK. விரிசல் வளரும் வேகம் இந்த ΔK-யைப் பொறுத்தது என்று 1960களின் தொடக்கத்தில் காட்டியவர் பால் பாரிஸ். அவர் பெயரால்தான் இன்றும் அதைப் பாரிஸ் விதி என்கிறோம்.

```
ΔK    = F × Δσ × √(π a)
da/dN = C × (ΔK)^3

F = 1.12 - 0.231x + 10.55x² - 21.72x³ + 30.39x⁴     (x = a/W)
```

a என்பது விரிசலின் நீளம், W தகட்டின் அகலம், Δσ தகைவு வீச்சு. விளிம்பு விரிசலுக்கு F ஏறத்தாழ 1.12-இல் தொடங்கும். விரிசல் அகலத்தில் கணிசமான பங்கைத் தின்னத் தின்ன அதுவும் ஏறும். C பொருளைப் பொறுத்தது. இந்த வகைச் சாதாரண கட்டமைப்பு ஸ்டீலுக்கு, மீட்டர், மெகாபாஸ்கல் அளவுகளில், 6.9×10⁻¹² என்பது நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள மதிப்பு. அளவுகளைச் சொல்லாமல் C-யை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மில்லிமீட்டரில் எழுதப்பட்ட C-யை மீட்டர் கணக்கில் போட்டு, விடை பல மடங்கு விலகிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். எண் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

5 மிமீ விரிசலுக்கு ΔK சுமார் 11.2. வேகம் ஓர் அடிக்கு 0.0000098 மிமீ. இதுதான் அந்த 'லட்சம் அடிக்கு ஒரு மில்லிமீட்டர்'. ஆனால் விரிசல் 10 மிமீ ஆனதும் வேகம் மூன்று மடங்காகிறது. 20-இல் ஒன்பது மடங்கு. 40-இல் நாற்பது மடங்குக்கு மேல். இன்றைய வேகத்தையே கடைசி வரைக்கும் நீட்டியதுதான் ஏழு வருடத்தின் ரகசியம்.

எங்கே நிறுத்துவது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். 55 மிமீ-இல் K-யின் உச்சம் 52-ஐத் தொடுகிறது. சான்றிதழ் இல்லாத தகடு, அதற்கு மேல் தாங்கும் என்று நம்ப எனக்கு ஆதாரம் இல்லை. எனவே அங்கே கோடு போட்டேன். மிச்சத்தை எக்செல்லில் துண்டு துண்டாகக் கூட்டலாம். ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் அந்த இடத்து வேகத்தால் வகுத்துச் சேர்த்துக்கொண்டே போனால் போதும்.

5-இலிருந்து 10 மிமீ வரை 2.98 லட்சம் அடி. 10-இலிருந்து 20 வரை 1.97 லட்சம். 20-இலிருந்து 30 வரை 73 ஆயிரம். 30-இலிருந்து 40 வரை 35 ஆயிரம். 40-இலிருந்து 55 வரை 24 ஆயிரம். மொத்தம் சுமார் 6.27 லட்சம். நாளுக்கு 2,400 அடி என்றால் 261 வேலை நாள்.

ஏழு வருடம் ஒரு வருடத்துக்குள் சுருங்கியதை விட, இந்த எண்கள் எப்படிப் பங்கிட்டுக் கிடக்கின்றன என்பதைத்தான் நான் எப்போதும் விரலால் தொட்டுக் காட்டுவேன். ஆயுளில் ஏறக்குறைய பாதி முதல் ஐந்து மில்லிமீட்டரிலேயே போய்விடுகிறது. கடைசிப் பதினைந்து மில்லிமீட்டருக்குப் பத்தே நாள். 'பெருசாகட்டும், அப்புறம் பார்ப்போம்' என்று விடும் ஆலைகளில், விரிசல் நடந்துபோகிற ஆபரேட்டர் கண்ணில் தானாகப் படும்போது அது 30 மிமீ இருக்கும். அப்போது மிச்சம் 25 நாள், அதுவும் எல்லாம் நமக்குச் சாதகமாக இருந்தால்.

இதே காரணத்தால் தகட்டின் உடைமுறிவுத் தாங்குதிறனைப் பற்றிய வாக்குவாதத்தில் நான் நேரம் செலவழிப்பதில்லை. 55-க்குப் பதில் 65 வரை தாங்கும் என்று வைத்தாலும் கூடுதலாகக் கிடைப்பது மூன்று நான்கு நாள். தொடக்க அளவு வேறு கதை. பெயின்ட் மேல் தெரிந்த 3 மிமீ-யையே நம்பியிருந்தால், 3-இலிருந்து 5 வரைக்கும் இன்னொரு மூன்று லட்சம் அடி கையில் இருப்பதாகக் கணக்கு சொல்லியிருக்கும். சுரண்டாத ஒரு பெயின்ட் பூச்சுக்கு 124 நாள் விலை.

சரி, 261 நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேனா? இல்லை. அந்த C டேக் வெல்டு இல்லாத சுத்தமான உலோகத்துக்கு ஏற்றது. வெல்டு அடித்த இடத்தில் உலோகம் ஆறும்போது உள்ளே இழுவிசைத் தகைவு தங்கிவிடும். அது விரிசலின் வாயை மூடவிடாமல் திறந்தே வைத்திருக்கும். வெல்டு பட்ட ஸ்டீலுக்குப் பிரிட்டிஷ் தரநிலை BS 7910 தரும் மேல்வரம்பு மதிப்பை மீட்டர் கணக்குக்கு மாற்றினால் C 1.65×10⁻¹¹ வரும். நமது மதிப்பைப் போல 2.4 மடங்கு. ஆயுள் 2.62 லட்சம் அடியாக, 109 நாளாக இறங்குகிறது. அறிக்கையில் இதைத்தான் எழுதினேன். அதுவும் உலர்ந்த காற்றுக்கு. கடல் உப்பு படுகிற இடமாக இருந்தால் இதைவிடக் கறாரான மதிப்பு வேண்டும்.

ஒரு சின்ன விலகல். இதே 2.62 லட்சம் சுற்றை நிமிடத்துக்கு 900 முறை அதிர்ந்து சலிக்கும் ஒரு வைப்ரேட்டிங் ஸ்கிரீனில் வைத்துப் பாருங்கள். ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த மாதிரி மெஷினில் மிச்ச ஆயுளைக் கணக்கிட்டு ஓட்டுவது என்ற பேச்சே கிடையாது. விரிசல் வளரவே வளராத அளவுக்கு ΔK கீழே இருக்கிறதா என்ற ஒரு கேள்விதான் உண்டு.

ஆலைக்கு வருவோம். புதுத் தகடு வெட்டி, துளை போட்டு வர 45 நாள் ஆகும் என்றார்கள். மேஸ்திரி விரிசலின் மேல் வெல்டு இழுத்து மூடிவிடலாம் என்றார். மேலே மட்டும் வெல்டு இழுத்தால் விரிசல் உள்ளேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல் போவது மட்டும்தான் மிச்சம். வேண்டாம் என்றேன். அதற்குப் பதில் பிரஸ்ஸின் அழுத்தத்தை நாலில் ஒரு பங்கு குறைக்கச் சொன்னேன். தகைவு வீச்சு 80-இலிருந்து 60 ஆகும். சூத்திரத்தில் ΔK மூன்றாம் அடுக்கில் இருப்பதால் வேகம் 2.4 மடங்கு குறையும், வெல்டு தின்ற ஆயுள் ஏறத்தாழ முழுதாகத் திரும்பிவிடும். செங்கல்லின் பலம் குறையும் என்று முதலாளி முனகினார். அந்த 45 நாளும் கனமான செங்கல் ஆர்டரை மற்ற மெஷினுக்கு மாற்றிக்கொண்டார்.

ஓட்டுவதென்றால் கணக்கு சரியா என்று சரிபார்த்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். விரிசலின் நுனியை மார்க்கரால் குறித்துத் தேதி எழுதினோம். சென்டர் பஞ்ச் அடிக்க வந்தவரைத் தடுத்தேன், அந்தக் குழியே அடுத்த விரிசலுக்கு வித்து. முப்பது நாள், 72 ஆயிரம் அடி கழித்து மறுபடி டை பெனிட்ரன்ட். மேல்வரம்புக் கணக்குப்படி 0.8 மிமீ வரை வளர்ந்திருக்கலாம், முதல் C-யின்படி 0.3. கோடு சுமார் அரை மிமீ நீண்டிருந்தது. ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே நிறுத்தச் சொல்லியிருப்பேன். அப்படி வளர்ந்தால் கேஜ் காட்டாத வளைவுத் தகைவு எங்கோ இருக்கிறது, அல்லது என் C தப்பு என்று அர்த்தம். இரண்டுமே ஓட்டிக்கொண்டே கண்டுபிடிக்கிற விஷயங்கள் அல்ல.

புதுத் தகடு வந்ததும் பழையதைக் கழற்றி, விரிசல் பகுதியை அறுத்து, அந்தத் துண்டைப் பிரஸ்ஸிலேயே வைத்து உடைத்துப் பார்த்தோம். மழமழவென்று பழைய விரிசல் முகம், அதன் எல்லையில் மினுக்கும் புதிய உடைப்பு. எல்லைக்கோடு நேராக இல்லை, வில் மாதிரி வளைந்திருந்தது. இரண்டு மேற்பரப்பிலும் நாங்கள் அளந்தபடியேதான் இருந்தது. தகட்டின் நடுக்கனத்தில் மட்டும் அதைவிட ஒரு மில்லிமீட்டர் முன்னால் போயிருந்தது.