மறைமுக வரியாம், எங்க மறைஞ்சிருக்கு?

எங்க சித்தப்பா கார் வாங்கினாரு. பில்லு 12 லட்சம், அதுக்குக் கீழ டிசிஎஸ் 1 சதவீதம்னு தனியா 12,000 ரூபா. இது என்னப்பான்னு கேட்டதுக்கு ஷோரூம் தம்பி "அது மறைமுக வரி சார், ஜிஎஸ்டி மாதிரிதான், திரும்பி வராது"ன்னுட்டாரு. இவரும் சரின்னு வந்துட்டாரு. ரிட்டர்ன் போடற சமயத்துல, நம்ம பேர்ல பிடிச்ச வரியெல்லாம் காட்டற 26AS-ஐ திறந்து பாத்தா அந்த 12,000 இவரோட பேன் நம்பர்ல ஜம்முனு உக்காந்திருக்கு. அது இவரோட வருமான வரிக்காக முன்னாடியே பிடிச்சு வச்ச பணம், கட்ட வேண்டிய வரில கழிச்சுக்கலாம், மிஞ்சினா ரீஃபண்ட். அதாவது சுத்தமான நேரடி வரி. அந்தத் தம்பிய நான் குத்தம் சொல்ல மாட்டேன், தப்பு அந்தச் சொல்லுமேலதான்.

வரின்னா கோடு, அப்புறம் அரசு வாங்கற பணம். பழைய தமிழ்ல இறை, உல்கு, சுங்கம்னெல்லாம் இருந்துச்சு, உல்குன்னா சுங்க வரி, குறள்லயே வருது. டைரக்ட்ங்கிறது லத்தீன்ல நேரானதுன்னு பொருள்பட்ட சொல்லுலேர்ந்து வந்தது, அதனால நேரடி வரி சரி. சிலபேர் நேர்முக வரின்னு எழுதறாங்க, எனக்கு வேலைக்கு இன்டர்வியூ வச்சு வரி வாங்கற மாதிரி இருக்கு, போகட்டும்.

மறைமுகம்தான் எனக்கு ஆகாது. மறைக்கறதுக்கு அதுல என்ன இருக்கு? ஹோட்டல் பில்லுல சிஜிஎஸ்டி இவ்வளவு எஸ்ஜிஎஸ்டி இவ்வளவுன்னு பைசா சுத்தமா அச்சடிச்சுக் குடுக்கறான். இன்டைரக்ட்னா சுத்தி வர்றது, ஒளிஞ்சு வர்றது இல்ல. மறைமுக வாக்கெடுப்புன்னா ரகசிய ஓட்டு, ஆனா மறைமுகத் தேர்தல்னா கவுன்சிலருங்க சேர்ந்து மேயரைத் தேர்ந்தெடுக்கறது, ஒரே சொல்லு ரெண்டு வேலை பாக்குது. இதுல "மறைமுக வரியை ஏத்திட்டாங்க"ன்னா ஜிஎஸ்டி, "மறைமுகமா வரியை ஏத்திட்டாங்க"ன்னா நைசா ஏமாத்திட்டாங்க, டிவி செய்தியில ரெண்டையும் கலந்துகட்டி அடிக்கறாங்க. இத்தனைக்கும் ஸ்கூல்ல நேர்கூற்று, அயற்கூற்றுன்னு படிச்சவங்கதானே நாம? அயல்னு ஒரு சொல்லு கையிலயே இருக்கு. அயல்வரின்னா வெளிநாட்டு வரின்னு நினைச்சுப்பாங்கன்றதும் நிஜம்தான். கைமாற்று வரின்னு போடலாம்னா கைமாத்துக் கடன் ஞாபகம் வருது, கடத்து வரின்னா கஸ்டம்ஸ்காரன் ஓடி வருவான். எனக்குப் பிடிச்சது சுமைமாறு வரி. கட்டறவன் ஒருத்தன், சுமக்கறவன் இன்னொருத்தன், சொல்லுலயே விஷயம் இருக்கு.

ஷோரூம் தம்பி குழம்பினது எங்கன்னா, யார் கையால பணம் போகுதுன்னு பாத்தாரு. டிசிஎஸ்ஸை ஷோரூம்தான் வாங்கிக் கட்டுது, ஜிஎஸ்டியையும் அதேதான் வாங்கிக் கட்டுது, அப்ப ரெண்டும் ஒண்ணுதானேன்னு. அப்படிப் பாத்தா சம்பளத்துல பிடிக்கற டிடிஎஸ்ஸும் மறைமுக வரி ஆயிடும், கம்பெனிதானே கட்டுது! கேக்க வேண்டியது வேற: அந்தப் பணம் யார் கணக்குல வரவு ஆகுது? டிசிஎஸ் சித்தப்பாவோட பேன்ல ஏறுது, ஷோரூம் வெறும் வசூல்காரன். ஜிஎஸ்டில சட்டப்படி வரி கட்ட வேண்டியவனே ஷோரூம்தான், அது அவன் ஜிஎஸ்டி நம்பர்ல போகுது, அதைத் தூக்கி விலையோட சேர்த்து நம்ம தலையில வைக்கறான், சித்தப்பா பேரு அரசாங்கக் கணக்குல எங்கயும் வரவாகாது. இன்னொரு அடையாளம், வரிக்கு உங்க வருமானம் எவ்வளவுன்னு தெரியுமா? வருமான வரிக்குத் தெரியும், ஸ்லாப் மாறும். சினிமா டிக்கெட் ஜிஎஸ்டிக்குத் தெரியாது, கோடீஸ்வரனும் நானும் ஒண்ணுதான்.

ஆனா இந்த ரெண்டாவது அடையாளத்தை ரொம்ப நம்பிடாதீங்க. ஷேர் வாங்கி விக்கறப்ப எஸ்டிடின்னு ஒண்ணு பிடிக்கறாங்களே, 2004ல வந்தது, அதுக்கும் நம்ம வருமானம் தெரியாது, நஷ்டத்துல வித்தாலும் பிடிக்கும், பாக்க அச்சு அசல் ஜிஎஸ்டி மாதிரியே இருக்கும். ஆனா சட்டம் அதை வாங்கறவர் விக்கறவர் மேலயே போடுது, எக்ஸ்சேஞ்ச் வசூல் பண்ணிக் குடுக்குது, அரசாங்கமும் நேரடி வரிக் கணக்குலதான் வச்சிருக்கு.

என் சொல்லுலயும் ஒரு ஓட்டை இருக்கு, மறைக்கல. வீட்டு வரி நேரடி வரி, ரசீது ஓனர் பேர்ல வரும். அது ஏறினா எங்க ஹவுஸ் ஓனர் அடுத்த மாசமே வாடகைய ஏத்திடறாரு, சுமை நல்லாவே மாறுது. ஆனா ரசீதுல பேரு மாறல, கட்டலைன்னா நோட்டீஸ் அவருக்குத்தான் வரும், அதனால அது நேரடி வரிதான். வாடகைக்கு இருக்கற எனக்குத்தான் அது மறைமுகம்.