சொல் விளக்கம்: உறைவெதிர்ப்பி

லேப்களில் ‘ஆன்டிகோயாகுலன்ட்’ என்று சொல்லும் பொருளுக்குத் தமிழில் உறைவெதிர்ப்பி என்று பெயர். லத்தீனில் ‘கோயாகுலும்’ என்றால் பாலைத் திரைய வைக்கும் பொருள்; நம் உறைமோர் செய்கிற வேலையை அது செய்யும். தமிழிலும் பால் உறைவதற்கும் ரத்தம் உறைவதற்கும் ஒரே வினைச்சொல்தான். ‘ரத்தக்கட்டி கரைப்பான்’ என்று சிலர் எழுதுவது தவறு. உறைந்துவிட்ட கட்டியை இது கரைக்காது, உறைய விடாமல் தடுப்பதோடு சரி.

ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். வெளிர் நீல மூடி ட்யூபில் உள்ள சிட்ரேட் அந்தக் கால்சியத்தைத் தளர்வாகப் பிடித்துவைக்கிறது. லேபில் ரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்து, உறைதலைத் தூண்டும் பொருளோடு மறுபடி கால்சியம் சேர்த்ததும் அது உறையத் தொடங்கும். அதற்கு எத்தனை நொடி ஆகிறது என்று அளப்பதுதான் பி.டி. பரிசோதனை. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. ட்யூப் நிரம்பாவிட்டால் சிட்ரேட் மிஞ்சி, சேர்த்த கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். நொடிகள் பொய்யாகக் கூடும்.

ஊதா மூடியில் இருக்கும் இ.டி.டி.ஏ. கால்சியத்தை இறுகப் பிடிக்கும். ரத்த அணுக்களின் வடிவம் இதில் நன்றாக நிற்பதால் அணுக்களை எண்ணும் சி.பி.சி. எடுக்க இதுவே ஏற்றது. பச்சை மூடியின் ஹெப்பாரின் கால்சியத்தைத் தொடுவதே இல்லை. உடலிலேயே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தை முடுக்கிவிட்டு உறைதலை நிறுத்துகிறது. அதனால் உப்புச் சத்துகளை அளக்க ஒத்துவரும். நாயின் கல்லீரலிலிருந்து எடுத்ததால், கல்லீரலைக் குறிக்கும் ‘ஹெப்பார்’ என்ற கிரேக்கச் சொல்லை வைத்து ஹோவெல் 1918-ல் இட்ட பெயர் அது.

ஊசி ஒரு ட்யூபிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது துளி மருந்தும் கூடப் போகலாம். அதனால்தான் ரத்தம் எடுக்க இந்த வரிசை: கிருமி பார்க்கும் கல்ச்சர் பாட்டில், வெளிர் நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியாகச் சர்க்கரைக்கான சாம்பல். சிவப்பிலும் மஞ்சளிலும் ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கும் பொருள் இருப்பது வழக்கம். அது நீலத்துக்குள் போனால் பி.டி. கெட்டுவிடும்.

ஊதா முந்தினால் என்ன ஆகும்? அதிலிருப்பது பெரும்பாலும் இ.டி.டி.ஏ.வின் பொட்டாசிய உப்பு. அது மஞ்சள் ட்யூபில் கலந்த ஒருவரின் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் மிகக் கூடி 8, கால்சியம் மிகக் குறைந்து 5 என்று வருகிறது என்று வையுங்கள். ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் சரிந்திருக்கும், ஏனென்றால் அந்த நொதிக்குத் தேவையான துத்தநாகத்தையும் இ.டி.டி.ஏ. பறித்துவிடுகிறது. நோயாளியோ எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார், இ.சி.ஜி.யிலும் மாற்றமில்லை. ரிப்போர்ட்டில் இந்த மூன்று மாற்றங்களும் சேர்ந்து தெரிந்தால் முதலில் ட்யூபைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிகிச்சை தொடங்கும் முன் புதிதாக ரத்தம் எடுத்து உடனே பார்க்க வேண்டும். பொட்டாசியத்தை இறக்கும் மருந்தை இயல்பான அளவு உள்ளவருக்குக் கொடுத்தால் அது ஆபத்தான அளவுக்குக் கீழே போய்விடலாம். வரிசை சரியாக இருந்தும் இப்படி வந்தால், மஞ்சளில் ரத்தம் போதவில்லை என்று யாராவது ஊதாவைத் திறந்து அதில் ஊற்றினார்களா என்று கேளுங்கள்.